இலவம் பஞ்சுக்கு வெயில், ஃபைபருக்குத் தண்ணீர்

பங்குனி, சித்திரை மாதங்களில் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், வருசநாடு பக்கம் போனால் இலவ மரங்களில் இலை குறைவாகவும் காய் நிறையவும் தொங்கும். முற்றிய காய்களைத் தொரட்டியால் தட்டி விழவைத்து, களத்தில் காயவைத்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பஞ்சிலிருந்து கறுப்பு விதைகளைப் பிரித்தெடுப்பார்கள். தமிழ்நாட்டுத் தலையணைகளுக்கும் மெத்தைகளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போன பஞ்சு இதுதான். இன்று அதே மாவட்டத்துக் கடைவீதியில்கூட இலவம் பஞ்சுத் தலையணைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பையில் சுருட்டி அடைத்த ஃபைபர் தலையணை விற்கிறது. கடைக்காரர்கள் சிலர் அதை ‘ரெக்ரான்’ என்பார்கள், சிலர் ‘மைக்ரோ ஃபைபர்’ என்பார்கள். எல்லாமே பாலியஸ்டர் இழை.

பல வீடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பெரியவர்களுக்குப் பழைய பஞ்சுத் தலையணை, பிள்ளைகளுக்குப் புதிய ஃபைபர். உறை போட்டுவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் பராமரிப்பும் ஒன்றாகவே நடக்கிறது: பண்டிகைக்கு முன் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப்போடுவது, அல்லது எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போட்டு எடுப்பது. இரண்டு வழியிலும் ஏதாவது ஒரு தலையணைக்கு நியாயம் கிடைப்பதில்லை. இலவம் பஞ்சு துவைத்தால் கெடும், வெயிலில் தேறும். பாலியஸ்டருக்கு வெயில் பெரிதாக ஒன்றும் செய்யாது, துவைத்தால்தான் தேறும். ஏன் இப்படி நேரெதிராக இருக்கின்றன என்பதற்கு இழைக்குள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பருத்தி இழை விதையின் மேல் முளைப்பது. இலவம் பஞ்சு இழையோ காயின் உட்சுவரிலிருந்து முளைப்பது. அதனால்தான் விதையை அதிலிருந்து உதிர்ப்பது சுலபம். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். நீளம் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை இருக்கும். பருத்தி இழை காயும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கால்தான் அதை நூலாக நூற்க முடிகிறது. இலவம் பஞ்சு இழை முறுக்குவதில்லை. உறிஞ்சுகுழல் போல உருண்டையாக, வழவழப்பாக, உள்ளே வெறும் காற்றோடு நிற்கிறது. இழையின் கன அளவில் முக்கால் பங்குக்கும் மேல் வெற்றிடம்தான். சுற்றியுள்ள சுவர் மிக மெல்லியது, அதன்மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு.

இந்த மெழுகும் காற்றும் சேர்ந்ததால் இலவம் பஞ்சைத் தண்ணீர் நனைக்காது, அது மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் பயன்பட்ட உயிர்காப்பு உடுப்புகளுக்குள் அடைத்தது இதைத்தான். இரண்டாம் உலகப் போரில் 1942இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்குப் பஞ்சு வரத்து நின்றது. மாற்றுக்கு அந்நாட்டு அரசு, பள்ளிப் பிள்ளைகளை வைத்து மில்க்வீட் என்ற எருக்கினச் செடியின் காய்களை மூட்டை மூட்டையாகச் சேகரித்தது. தண்ணீரில் அத்தனை நம்பகமான பொருள் தலையணைக்குள் இருக்கும்போது அதைத் துவைத்தால் மட்டும் ஏன் கெட வேண்டும்?

காரணம் சோப்பு. வெறும் தண்ணீரை மெழுகுப் பூச்சு தடுத்து நிறுத்திவிடும். சலவைத்தூள் கலந்த தண்ணீரை அதனால் தடுக்க முடியாது. சோப்பு நீர் இழைமேல் படர்ந்து, வெட்டுப்பட்ட முனைகள் வழியாகவும் உடைந்த இடங்கள் வழியாகவும் குழலுக்குள் புகுந்துவிடும். மெஷின் சுழலும்போது பஞ்சு கசங்கி, மெல்லிய சுவர்கள் நசுங்கும். பிறகு காயும்போது, வெளியேறும் நீர் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்துவிட்டுப் போகிறது. குழலாக இருந்தது தட்டைப் பட்டையாகிறது. அந்தப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கட்டியாகின்றன. ஒருமுறை ஒட்டிய சுவர் மறுபடி விரிந்து காற்றை வாங்குவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதுதான் வீடுகளில் அதிகம் தெரிவது. பஞ்சு கெட்டியாக அடைத்த தலையணையின் நடுப்பகுதி லேசில் காயாது. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும். இரண்டு நாள் கழித்து உறையைக் கழற்றினால் புழுங்கல் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். வாசனைத் திரவியம் தெளிப்பதும் மறுபடி காயவைப்பதும் வாடையை அமுக்குமே தவிர, பிடித்த பூஞ்சையை எடுக்காது. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது, ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

துவைக்காமல் நல்லபடி வைத்திருந்தாலும் இலவம் பஞ்சு மூப்படையும். அதன் மூப்பு ஒரு வகை உடைசல். ஐந்து கிலோ அளவுக்கு வரும் தலை இரவெல்லாம் ஒரே இடத்தில் அழுத்துகிறது. பாலியஸ்டரைப் போல வளைந்து நிமிரும் தன்மை இந்த இழைக்குக் கிடையாது. வளைந்த இடத்தில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடம் ஒருநாள் ஒடியும். நீள இழைகள் துண்டாகி, துண்டுகள் தூளாகி, தூள் தலையணையின் அடியில் சேரும். பழைய தலையணையைத் தட்டும்போது வெயில் கீற்றில் பறக்கும் வெள்ளைத் தூசியில் பெரும்பகுதி அந்த உடைந்த இழைதான். அதோடு, பஞ்சு தண்ணீரை ஏற்காவிட்டாலும் காற்றில் உள்ள ஈரப்பதத்தை நன்றாகவே ஏற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பஞ்சுத் தலையணை கனத்துப்போவது போலத் தோன்றுவது பிரமை இல்லை. ஈரம் ஏறிய சுவர் தளர்ந்து, இன்னும் எளிதாக நசுங்குகிறது.

வெயில் உதவுவது இந்த இடத்தில்தான். சுவருக்குள் ஏறிய ஈரத்தை வெயில் வெளியேற்றுகிறது. உலர்ந்த சுவர் மறுபடி விறைப்பாகிறது. கையால் பிசைந்து புரட்டும்போது கட்டிக்குள் காற்று புகுகிறது. காலையில் சப்பையாக மாடிக்குப் போன தலையணை மாலையில் உப்பி இறங்குவதற்குக் காரணம் இவ்வளவுதான். ஒடிந்த இழையை வெயில் ஒட்டவைக்காது. எனவே வெயிலில் போட்டும் உப்பாத தலையணையில் ஈரம் பிரச்சினை இல்லை, இழை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தூசிப் பூச்சி என்று மருத்துவர்கள் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுக்கும் ஈரப்பதம் தேவை. உலர்ந்த தலையணையில் அவை பெருகுவது குறையும். ஆனால் செத்தவையும் அவற்றின் கழிவும் உள்ளேயே இருக்கும் என்பதால் தும்மல் தொல்லை உள்ளவர்களுக்கு வெயில் மட்டும் போதாது.

காயவைப்பதிலும் முறை உண்டு. உறையைக் கழற்றி, பஞ்சை அடைத்திருக்கும் உள்துணியோடு மட்டும் காயப்போட வேண்டும். பத்து மணிக்குப் போட்டு மூன்று மணிக்குள் எடுத்துவிடுவது நல்லது. சாயங்காலம் வரை விட்டால் குளிர ஆரம்பிக்கும் காற்றிலிருந்து பஞ்சு ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை திருப்பி, நான்கு மூலைகளையும் நடுப்பக்கமாகத் தள்ளிப் பிசைந்துவிடலாம். தடியால் அடிப்பது மட்டும் வேண்டாம். தூசி போகிறது என்று நினைத்து அடிக்கிற ஒவ்வோர் அடியும் இழையை ஒடித்துப் புதிய தூசியை உண்டாக்குகிறது. பஞ்சை வெளியே எடுத்து வெறும் வெயிலில் பரப்பி நாள்கணக்கில் விடுவதும் கூடாது. இழையில் லிக்னின் கணிசமாக இருப்பதால் நேர் வெளிச்சத்தில் அது பழுத்து, நொறுங்கும் தன்மைக்கு வரும்.

குழந்தை நனைத்துவிட்டால் என்ன செய்வது? உள்துணியின் ஓர் ஓரத் தையலைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் அள்ளி எடுத்துப் போட்டுவிட வேண்டும். மிச்சப் பஞ்சை ஒரு பழைய வேட்டிக்குள் கொட்டி மூட்டை கட்டி வைத்துவிட்டு, துணியை மட்டும் நன்றாகத் துவைத்துக் காயவைத்து, பிறகு பஞ்சைத் திரும்ப அடைத்துத் தைக்கலாம். காற்றாடி ஓடும் அறையில் இந்த வேலையைச் செய்தால் பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்வதும் அவசியம்.

பாலியஸ்டர் கதை வேறு. மரத்திலிருந்து வருவது இல்லை என்பதால் அதன் வடிவத்தை ஆலையே தீர்மானிக்கிறது. நல்ல தலையணைக்குப் போகும் இழைக்கு மூன்று குணங்களை வேண்டுமென்றே வைக்கிறார்கள். ஒன்று, இழையின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை. இதனால் எடை குறைந்து உப்பல் கூடும். இரண்டு, சுருள். இழையின் ஒரு பக்கமும் மறுபக்கமும் வெவ்வேறு அளவில் சுருங்கும்படி தயாரிப்பதால், சூடு காட்டியதும் இழை தானே சுருண்டுகொள்கிறது. தலையை எடுத்ததும் தலையணை எழும்புவது இந்தச் சுருளால். மூன்று, சிலிக்கோன் பூச்சு. இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்கிக்கொண்டு நகர இந்தப் பூச்சு வேண்டும். கடையில் ஃபைபர் தலையணையைத் தொட்டால் எண்ணெய் தடவியது போல் வழவழப்பாகத் தெரிவது அதுதான்.

இந்த மூன்றில் முதலில் போவது பூச்சு. வியர்வையும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் துணி வழியாக ஊறி இழைமேல் படிகின்றன. வழுக்க வேண்டிய இழை பிசுபிசுத்துப் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வோர் இரவும் தலை புரளும்போது அந்தச் சிக்கல் இறுகி, நெல்லிக்காய் அளவில் தொடங்கி முட்டை அளவுக்கு உருண்டைகள் உருவாகின்றன. உருண்டைகளுக்கு நடுவே பள்ளம். தூங்குபவர் அந்தப் பள்ளத்தில் தலையை வைத்துக்கொண்டு கழுத்து வலிக்கிறது என்பார். அடுத்துப் போவது சுருள். பாலியஸ்டர் இழை ஒடிவதில்லை. வெப்பமும் அழுத்தமும் நெடுநேரம் சேர்ந்தால் மெல்ல நீண்டு, சுருள் தளர்ந்து, அப்படியே நின்றுவிடும். எழுபது, எண்பது டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இந்த இழையின் உறுதி கணிசமாகத் தளர்கிறது. நிறுத்தி வைத்த காரின் பின்கண்ணாடிக்கடியில் மடங்கிக் கிடக்கும் தலையணை அத்தனை சூடு ஏறாவிட்டாலும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தட்டையாவது இதனால்.

பாலியஸ்டர் இழை ஈரத்தை ஏற்பதே இல்லை என்று சொல்லலாம். அதன் எடையில் அரை சதவீதம்கூட வராது. ஏறாத ஈரத்தை வெயில் எப்படி இறக்கும்? அதனால்தான் சப்பையான ஃபைபர் தலையணையை எத்தனை நாள் மாடியில் போட்டாலும் அது சப்பையாகவே திரும்புகிறது. இழைகளுக்கு நடுவே தங்கிய வியர்வை ஈரம் போகும், வாடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்குத் தேவை படிந்த எண்ணெயைக் கரைத்து எடுப்பது. அந்த வேலையைச் சோப்புத் தண்ணீர் செய்யும்.

ஒரு 700 கிராம் ஃபைபர் தலையணையைத் துவைப்பதாக வைத்துக்கொள்வோம். துவைக்கும் முன் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது மிகவும் பயன்படும். தையல் பிரிந்த இடம் இருந்தால் முதலில் தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மெஷினுக்குள் ஃபைபர் பரவி வடிகுழாயை அடைக்கும். ஒற்றைத் தலையணையைப் போட்டால் டிரம் ஒரு பக்கம் கனத்துக் குலுங்கும் என்பதால் இரண்டாகப் போடுவது நல்லது. மென்சலவை, நாற்பது டிகிரி வெந்நீர், வழக்கமான அளவில் பாதி திரவ சோப்பு. தூள் சோப்பு உள்ளே முழுதாகக் கரையாமல் தங்கிவிடும், தங்கிய சோப்பு அடுத்த பிசுபிசுப்பைத் தொடங்கி வைக்கும். அதனால் அலசும் சுற்றை இருமுறை வைக்க வேண்டும். தூசிப் பூச்சிகள் சாக வேண்டுமென்றால் அறுபது டிகிரி தேவை. தலையணைச் சீட்டில் அந்த அளவுக்கு அனுமதி இருந்தால் மட்டும் அதைச் செய்யலாம். நாற்பதில் அவை எல்லாம் சாகாவிட்டாலும் ஒவ்வாமையைக் கிளப்பும் கழிவு பெருமளவு அலசிப் போய்விடும்.

மெஷின் இல்லாத வீட்டில் பெரிய டப்பில் கால் மணிநேரம் ஊறவைத்து, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் துவைக்கலாம். புடவையைப் போல முறுக்கிப் பிழியவே கூடாது. முறுக்கும்போது ஃபைபர் முழுவதும் ஒரு பக்கம் திரண்டு, அங்கேயே சிக்கிக்கொள்ளும். துவைத்ததால் தலையணை கெட்டுவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கெடுத்தது துவைக்கும்போது இல்லை, பிழியும்போதும் கொடியில் போடும்போதும்தான். ஒரு மூலையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் ஃபைபர் எல்லாம் அடிமூலைக்கு இறங்கிவிடும். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைப்பது உத்தமம். இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொடிகள் கட்டி அவற்றின்மேல் கிடத்தலாம்.

இந்தக் கட்டத்தில் வெயில் ஃபைபருக்கும் உதவும். ஆனால் வெயிலைவிடக் கை வேலை முக்கியம். பாதி காய்ந்ததும் துணிக்கு மேலாகவே உருண்டைகளைத் தேடிப் பிடித்து இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிரிக்க வேண்டும். எண்ணெய் போன ஈர இழை எளிதாகப் பிரியும், முழுக்கக் காய்ந்தபின் அதே உருண்டை அடம்பிடிக்கும். மணிக்கு ஒருமுறை இப்படிச் செய்து திருப்பிப் போட்டால் மாலைக்குள் தலையணை பழைய உருவத்துக்கு வந்துவிடும். இப்போது மறுபடி தராசு. 700 கிராமுக்கு இறங்கியிருந்தால் காய்ந்துவிட்டது. 760 காட்டினால், கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் நடுவில் 60 கிராம் தண்ணீர் இருக்கிறது. உறை போடாமல் மறுநாளும் காயவிட வேண்டும். டிரையர் வசதி இருப்பவர்கள் குறைந்த சூட்டில், சுத்தமான இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சுழலவிட்டால் பந்து மோதி மோதி உருண்டைகளைப் பிரித்துக் கொடுக்கும்.

தினமும் எண்ணெய் வைப்பவர் தலையணை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை துவைப்பது போதும். அதைவிட அடிக்கடி துவைத்தால் சிலிக்கோன் பூச்சும் சேர்ந்து தேயும். உள்ளுறை ஒன்று, வெளியுறை ஒன்று என்று இரண்டு போட்டு, வெளியுறையை வாரம் ஒருமுறை மாற்றினால் இந்த இடைவெளியை இன்னும் நீட்டலாம்.

எப்போது விடைகொடுப்பது என்பதற்கு இரண்டுக்கும் வெவ்வேறு சோதனை. ஃபைபர் தலையணையை இரண்டாக மடித்து, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். தானே விரிந்தால் உயிர் இருக்கிறது. மடிந்தபடியே கிடந்தால் சுருள் போய்விட்டது, துவைத்தும் பயனில்லை. இதே சோதனையை இலவம் பஞ்சுக்குச் செய்வது தவறு. புதிய பஞ்சுத் தலையணைகூட மடித்தால் பாதி மடிந்தே நிற்கும். அதற்கு ஓரத் தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊதினால் இழை இழையாகப் பறந்து, வெளிச்சத்தில் பளபளத்தால் இன்னும் பயன்படுத்தலாம். விரலில் தூளாக ஒட்டினால் காலம் முடிந்தது.

பாதி கெட்ட பஞ்சுக்கு ஒரு வழி உண்டு. பாலியஸ்டருக்கு அந்த வழி இல்லை. மெத்தை தைக்கும் கடைகளில் பழைய பஞ்சைப் பிரித்து அடித்து, தூளையும் விதையையும் கழித்து, குறைந்த எடைக்குப் புதுப்பஞ்சு சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கும்போதே எடை போட்டு, அடித்தபின் மறுபடி எடை போடச் சொல்ல வேண்டும். எவ்வளவு தூள் போனது, எவ்வளவு புதுப்பஞ்சு சேர்ந்தது என்று அப்போதுதான் தெரியும். சேர்க்கும் பஞ்சையும் பார்க்க வேண்டும். ஆலைக் கழிவுப் பருத்தியைக் கலப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே முறுக்கினால் இலவம் பஞ்சு வழுக்கிப் பிரிந்துபோகும், நூலாகத் திரளாது. பருத்தி திரி போலத் திரளும். எண்ணெய் விளக்குக்குத் திரி திரிக்கத் தெரிந்த கைக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

இலவம் பஞ்சும் ஃபைபரும் கலந்து அடைத்த தலையணைகளும் இப்போது வருகின்றன. உப்பலுக்கு ஃபைபர், குளிர்ச்சிக்குப் பஞ்சு என்று சொல்லி விற்பார்கள். அவற்றை வாங்கினால் இலவம் பஞ்சுத் தலையணையாகவே நடத்த வேண்டும்: வெயில் மட்டும், தண்ணீர் வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் ஃபைபரில் எண்ணெய் படிந்தால் அதை எடுக்க வழியே இல்லை என்பதால், தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இந்தக் கலவை ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் முழுப் பஞ்சோ முழு ஃபைபரோ கேட்டு வாங்குவதே நல்லது. கடைக்காரர் தயங்கினால் ஓரத் தையலில் இரண்டு தையல் பிரித்துக் காட்டச் சொல்லலாம்.